‘பேசும்’ எங்கே போனது?

நானாவின் குரல்பதிவு வந்தபோது நான் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் போகும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நானா, அதாவது மெல்போர்னிலிருக்கும் என் அண்ணன் அர்ஷாத், சாதாரணமாக வேலை நேரத்தில் எதுவும் அனுப்பமாட்டான். உம்மாவுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கச் சொல்வானாக்கும் என்று நினைத்துக் காதில் வைத்தேன்.

"நிம்றா, நீ என்ன செஞ்சி வெச்சீக்கிறாய்? ஜும்மா முடிய எல்லாரும் என்னச் சுத்தி நிண்டுக்கொண்டு கேக்கிறாங்க. ‘அர்ஷாத், எங்களத் தமிழாக்கள்ட கணக்கில சேக்கவா எங்கட வீட்டுக்கு வந்து விசாரிச்சாய்?’ண்டு. சேக்கமாட்டோமெண்டு நீதானே சென்னாய்? உன்ட வாக்க நம்பித்தானே நான் அவங்களுக்கு வாக்குக் குடுத்தேன்?"

பதிவோடு ஒரு படமும் வந்திருந்தது. எங்கள் அறிக்கையின் அட்டை. அச்சாகி இன்னும் என் கைக்கே வராத அட்டை. ‘புலம்பெயர்ந்த இலங்கைத் தமிழ் மக்கள்: ஒரு மதிப்பீடு.’ கீழே இரண்டு பெயர்கள். ஒன்று அருந்ததி, மற்றது நான்.

நான் எழுதிக் கொடுத்த தலைப்பு அதுவல்ல. ‘புலம்பெயர்ந்த இலங்கைத் தமிழ் பேசும் மக்கள்’ என்பதுதான் நான் கொடுத்தது. ‘பேசும்’ என்ற சொல்லைக் காணவில்லை.

இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு இதைச் சொன்னால் தலையைச் சொறிவார்கள். தமிழ் பேசுகிறவர் தமிழர்தானே, இதில் என்ன சண்டை என்பார்கள். இலங்கையில் அப்படியில்லை. என் வீட்டில் பேச்சு தமிழ், நான் படித்தது தமிழ், கோபம் வந்தால் திட்டுவது தமிழ். ஆனால் நான் முஸ்லிம், இந்த நாட்டுக் குடிசன மதிப்பீட்டில் என் இனம் இலங்கைச் சோனகர். தமிழர் என்பது வேறு வரி. அந்த இரண்டு வரிகளையும் ஒன்றாகச் சொல்ல வேண்டி வந்ததால்தான் ‘தமிழ் பேசும் மக்கள்’ என்ற தொடரே இங்கே பிறந்தது. அந்த ‘பேசும்’ என்ற ஒட்டுத்தான் எங்களுக்கு அந்த வீட்டில் தந்திருக்கும் கதிரை. அதை எடுத்துவிட்டு இன்னும் நீங்கள் உட்கார்ந்துதான் இருக்கிறீர்கள் என்றால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

பஸ் பம்பலப்பிட்டியில் நின்றுவிட்டது. எனக்கு முன்னால் நின்ற மனுசி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் "உடம்புக்கு முடியவில்லையா மகள்?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

எங்கள் அலுவலகம் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில், மேல்மாடியில் இருக்கிறது. ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி அதிரும், பேசுகிற பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். சனத்தொகை ஆய்வு நிலையம் என்று பெயர்ப்பலகை பெரிதாக இருந்தாலும் உள்ளே மூன்றே மேசைகள். தலைமை அருந்ததி. கணக்கு நான். பக்கம் வடிவமைக்கிற பிரியந்தன் மூலையில்.

லண்டனில் இருக்கும் ஒரு சங்கம் இந்த வேலையைத் தந்தது. அதன் செயலாளர் தியாகராசா. இலங்கையிலிருந்து போன தமிழர் உலகத்தில் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்பது அவருடைய சொல். எந்த நாடும் ‘நீங்கள் இலங்கையிலிருந்து போன தமிழரா?’ என்று கேட்பதில்லை. ஒவ்வொரு நாடும் தனக்குத் தேவையானதைத் தன் பாட்டுக்குக் கேட்கிறது.

கனடா தாய்மொழியைக் கேட்கிறது, இன, பண்பாட்டு மூலத்தையும் கேட்கிறது. மூலத்துக்கு ஒருவர் பல பதில் எழுதலாம். தமிழ், இலங்கை, கனடா என்று மூன்றையும் எழுதிய ஒருவர் மூன்று வரியிலும் விழுவார். விவரம் தெரியாமல் தமிழையும் இலங்கையையும் கூட்டினால் ஒரு மனிதர் இரண்டு பேராகிவிடுவார். இங்கிலாந்து பிரதான மொழியைக் கேட்கிறது. அங்கே பிறந்த பிள்ளைக்குப் பிரதான மொழி ஆங்கிலம், ஆகவே பிள்ளை காணாமல் போய்விடும். இனக் கேள்வியிலும் தமிழுக்கென்று ஒரு பெட்டி கிடையாது. ‘வேறு ஆசியர்’ என்று போட்டுவிட்டு நாமே எழுத வேண்டும், எழுதாமல் விட்டவர் விட்டவர்தான். பிரான்ஸ் மொழியும் கேட்காது, இனமும் கேட்காது. எங்கே பிறந்தாய், எந்த நாட்டுப் பிரஜை, அவ்வளவுதான். இலங்கையில் பிறந்தவர்களில் தமிழர் எவ்வளவு, சிங்களவர் எவ்வளவு என்பதை வேறு வழிகளில் ஊகித்துக்கொள்ள வேண்டியது நம் தலையெழுத்து.

அவுஸ்திரேலியாதான் எனக்குப் பிடித்த நாடு. வீட்டில் பேசும் மொழி, வம்சாவளி, பிறந்த நாடு, பெற்றோர் பிறந்த நாடு, சமயம் எல்லாவற்றையும் கேட்கும். ஒன்றோடொன்றைக் குறுக்காக வைத்துப் பார்க்கவும் விடும். சின்ன எண்கள் வரும் கட்டங்களை மட்டும் ஆளை அடையாளம் பிடிக்க முடியாதபடி கொஞ்சம் கூட்டிக் குறைத்துத் தருவார்கள். நான் செய்த முறை இதுதான்: மொழியிலோ வம்சாவளியிலோ, எதிலாவது தமிழ் என்று சொன்னவரை ஒருமுறை மட்டும் எண்ணுவது. வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளை வம்சாவளி பிடித்துத் தரும். இந்தியாவிலிருந்து போனவர்களைப் பிறந்த நாடும் பெற்றோர் பிறந்த நாடும் பிரித்துத் தரும்.

ஆனால் மொழிக் கேள்வி எங்கள் ஆட்களையும் அள்ளிக்கொண்டு வந்துவிடும். என் நானா வீட்டில் தமிழ்தான் பேசுகிறான். சமயத்தை வைத்துப் பிரிக்கலாம் என்றால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது அவரவர் விருப்பம், சொல்லாமல் விடுபவர்கள் நிறைய. ஆகவே எங்கள் ஆட்கள் வம்சாவளியில் என்ன எழுதுகிறார்கள் என்று அவர்களிடமே கேட்டால்தான் உண்டு.

அதற்குத்தான் நானாவைப் பிடித்தேன். அவன் பள்ளிவாசலில் தெரிந்த குடும்பங்களை வீடு வீடாகப் போய் விசாரித்தான். பள்ளிக்கு வராதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை என்று நான் அடிக்குறிப்பும் போட்டேன். போன இடமெல்லாம் அவனிடம் முதலில் கேட்டது ஒரே கேள்வி. இதை வைத்து எங்களைத் தமிழர் என்று எழுதப் போகிறீர்களா?

நானா என்னைக் கேட்டான். நான் அருந்ததியைக் கேட்டேன். அருந்ததி சிரித்துக்கொண்டு, "உமக்கென்ன விசரே? தனி வரியாத்தானே போடப்போறம். தலைப்பிலயும் ‘பேசும்’ எண்டு வடிவாப் போடுவம், நீர் பயப்பிடாதையும்" என்றாள். நான் அதை அப்படியே நானாவுக்குச் சொன்னேன், அவன் அப்படியே வீடு வீடாகச் சொன்னான்.

பிறகு பதில்கள் வந்தன. மொழிக்கு அநேகமாக எல்லாரும் தமிழ். வம்சாவளிக்கு அநேகமாக எல்லாரும் இலங்கையர், கொஞ்சப் பேர் சோனகர். ஒருவர் அரபி என்று எழுதியிருந்தாராம், அவருடைய மனைவி பக்கத்தில் நின்று விழுந்து விழுந்து சிரித்தாராம். தமிழ் என்று வம்சாவளியில் எழுதியவர் யாருமில்லை. இதைப் பார்த்து அருந்ததியும் நானும் மேசையைத் தட்டினோம். மொழியை மட்டும் வைத்து எண்ணுகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதைச் சும்மா சொல்லாமல் காட்டிவிட்டோம் என்று அவ்வளவு சந்தோசம் எங்களுக்கு.

அருந்ததி யாரோ ஒரு முதலாளி இல்லை எனக்கு. ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு என் முக்காட்டைப் பார்த்து பஸ்ஸில் ஆட்கள் எழும்பித் தள்ளி உட்கார்ந்த காலம் ஒன்று இருந்தது. அந்த நாட்களில் ஹெவ்லொக் டவுனிலுள்ள தன் வீட்டிலிருந்து நேரே அலுவலகத்துக்குப் போகாமல் காலி வீதி பஸ் தரிப்பிடத்துக்கு வந்து நிற்பாள். நான் இறங்கியதும் என் கையைக் கோத்துக்கொண்டு ஒழுங்கைக்குள் நடத்திக்கொண்டு போவாள். ஒருநாள் ஒருவன் ஏதோ சொன்னதற்கு அவனைச் சிங்களத்தில் கிழித்த கிழியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அப்படிப்பட்டவள் வேண்டுமென்று ஒரு சொல்லைத் தூக்கியிருப்பாளா? பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது எனக்கு அந்த நம்பிக்கை முழுசாக இருந்தது.

படியேறிப் போனதும் கைப்பையைக்கூட வைக்காமல் போனை அவளுக்கு முன்னால் நீட்டினேன். "அருந்ததி, இதப் பாருங்க. ‘பேசும்’ எங்க?"

அவள் பார்த்தாள். "ஐயோ! அட்டையில தலைப்பு நீண்டு போச்செண்டு பிரியந்தன் குறைச்சிருப்பான் போல. லேயவுட் பிழை. அடுத்த அச்சில திருத்துவம்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. உண்மையாகவே சிரிப்பு வந்தது. இந்தப் பொடியனின் கத்தரிக்கோலால் மெல்போர்னில் ஒரு பள்ளிவாசலே கொதிக்கிறதே என்று நினைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினேன். அவன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நான் ஒண்டும் குறைக்கேல்ல அக்கா" என்றான். "எனக்கு வந்த கொப்பியில அப்பிடித்தான் இருந்தது."

என் மேசையில் போய் உட்கார்ந்து அச்சுக்குப் போன கோப்பைத் திறந்தேன். தலைப்பைப் பார்க்கவில்லை. நேரே அவுஸ்திரேலிய அட்டவணைக்குப் போனேன். நான் போட்ட தனி வரி, ‘தமிழ் பேசும் இலங்கை முஸ்லிம்கள், வம்சாவளியில் தமிழ் எனக் குறிப்பிடாதோர்’, அங்கே இல்லை. சரி, வரியைத்தான் எடுத்திருக்கிறார்கள் என்று கீழே கூட்டுத்தொகையைப் பார்த்தேன். அது அசையவேயில்லை. வரி போய்விட்டது, ஆட்கள் மேல் வரிக்குள் போய்விட்டார்கள். அந்த மேல் வரியின் பெயர் ‘தமிழர்’. கனடாவிலும் அப்படி, இங்கிலாந்திலும் அப்படி. நானா விசாரித்து எடுத்ததைப் பற்றிய பக்கம் முழுக்கப் போயிருந்தது.

தலைப்பில் ஒரு சொல் தவறி விழலாம். அதற்காக அட்டவணையில் ஒரு வரி தானாகக் கரைந்து பக்கத்து வரியில் சேர்ந்துகொள்ளாது. யாரோ உட்கார்ந்து, நிதானமாக, ஒவ்வொரு நாடாகச் செய்திருக்கிறார்கள். அட்டவணைகள் இருக்கும் மூலக் கோப்பைத் திறக்கும் கடவுச்சொல் என்னிடமும் அருந்ததியிடமும்தான் இருக்கிறது.

"இதுவும் லேயவுட் பிழையா?" என்று கேட்டேன்.

அவள் எழும்பி வந்து என் கதிரைக்குப் பின்னால் நின்றாள். பிறகு, "நீங்கள் கொஞ்சம் ஆறுதலா இருங்கோ. நான் சொல்லுறதைக் கேளுங்கோ" என்றாள்.

நீங்கள். இத்தனை வருசமும் என்னை ‘நீர்’ என்று கூப்பிட்டவள். யாழ்ப்பாணத்து ஆட்கள் நெருங்கியவர்களைக் கூப்பிடும் அந்த ‘நீர்’ எங்கள் பேச்சில் கிடையாது. முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பாக இருந்தது, பிறகு அது எனக்கு ஒரு உரிமை மாதிரி ஆகிவிட்டது. அவள் ‘நீங்கள்’ என்றதும் எல்லாம் விளங்கிவிட்டது. மிச்சத்தை அவள் சொல்லியிருக்கவே தேவையில்லை. ஆனாலும் சொன்னாள்.

தியாகராசாவுக்கு ஒரு வட்டமான எண் தேவை. அந்த எண்ணை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை, நாலு பேர் அதையும் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். தமிழர் வரி தனியாக அதற்குக் கொஞ்சம் கீழே நின்றது. அதற்குள் எங்கள் முஸ்லிம் ஆட்களையும் போட்டால் கொஞ்சம் மேலே போனது.

"கீழ நிண்டா ஒருத்தரும் திரும்பியும் பாக்கமாட்டினம், நிம்றா. மேல போனாத்தான் அங்கத்தை எம்பிமார் காது குடுப்பினம். கூடின கணக்கு, குறைஞ்ச கணக்கு எண்டு ரெண்டு எண்ணைப் போட்டு மேடையில வாசிக்க ஏலுமே?"

"வாசிக்க ஏலாட்டி வாசிக்காதீங்க. அதுக்கு என்ட நானாவத் தமிழராக்கிறதா?"

"உங்கட நானா வீட்டில என்ன கதைக்கிறார்? தமிழ்தானே? தமிழர் எண்டு சொல்லுறதில என்ன அவமானம்?"

நான் கதிரையோடு அவள் பக்கம் திரும்பினேன். "அவமானமெண்டு நான் எப்ப சென்னேன்? அவரு வீட்டில பேசுறத மொழிக் கேள்வியில எழுதினாரு. தான் யாரெண்டத வம்சாவளியில எழுதினாரு. ரெண்டும் அவரு சென்ன பதில். ஒண்ட வெச்சிக்கொண்டு மத்தத அழிக்க நீங்க யாரு? அவர்ட்டக் கேட்டீங்களா? என்கிட்டயாவது கேட்டீங்களா?"

"கேட்டிருந்தா நீங்கள் ஓம் எண்டிருப்பியளே?"

"இல்ல."

"அதுதான் கேக்கேல்லை" என்றாள்.

ரயில் ஒன்று போனது. கண்ணாடி அதிர்ந்தது. பிரியந்தன் எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு படியிறங்கினான்.

கோபத்தைவிட எனக்குத் துக்கம்தான் பெரிதாக வந்தது. அவள் மறைக்கக்கூட இல்லை. வேண்டாம் என்பேன் என்று தெரிந்துதான் கேட்காமல் விட்டிருக்கிறாள். என்னை அவ்வளவு நன்றாகத் தெரிந்துவைத்திருந்தாள். அந்தத் தெரிதலை இதற்குத்தான் பாவித்திருக்கிறாள்.

அப்போது வேறொன்று ஞாபகம் வந்தது. "லண்டன் வெளியீட்டுக்கு ரெண்டு பேரும் போறதெண்டு பேசினோமே. என்ட விசாக் காகிதம் இன்னும் வரல்லயே?"

அவள் என் முகத்தைப் பார்க்காமல் மேசையிலிருந்த பேனைகளை ஒழுங்குபடுத்தினாள். "அது... தியாகராசா அண்ணை ஒரு கதை சொன்னவர். வாறது முழுக்க எங்கட சனம். அங்க ஒரு தமிழ்ப் பிள்ளை நிண்டு கதைச்சா நல்லா எடுபடும் எண்டு. நான் உங்களுக்காக வாதாடினனான், சத்தியமா."

நான் சிரித்தேன். அழுகை வரவேண்டிய இடத்தில் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "அட்டவணையில நான் தமிழ், மேடையில நான் சோனி. அப்பிடித்தானே?"

அந்தச் சொல்லை எங்களைப் பார்த்து மற்றவர்கள் இளக்காரமாகச் சொல்வார்கள், நாங்கள் சொல்லமாட்டோம். அவளுக்குச் சுட்டிருக்க வேண்டும். "அப்பிடிக் கதையாதையும்" என்றாள், தன்னையறியாமல் பழைய ‘நீரு’க்குத் திரும்பி. ஆனால் எனக்கு இனி அது தேவையாக இருக்கவில்லை.

"ஒண்டு செய்ங்க அருந்ததி. அந்த வரியத் திரும்பப் போடுங்க. தலைப்பில ‘பேசும்’ போடுங்க. அட்ட அடிச்சாச்செண்டா உள்ளுக்கு ஒரு திருத்தத் துண்டு ஒட்டுங்க. அது போதும் எனக்கு. லண்டனுக்கு நீங்களே போங்க."

"அச்சு முடிஞ்சுது. அங்க அனுப்பியாச்சு. இணையத்திலயும் போட்டாச்சு. இப்ப எண்ணை மாத்தினா எல்லாரும் சிரிப்பினம். தியாகராசா அண்ணையிட்ட நான் எந்த முகத்தோட சொல்ல?"

"அப்ப என்ட பேர எடுங்க."

அவள் உடனே தலையை நிமிர்த்தினாள். நான் கையெழுத்துப் போட்ட ஒன்றை நான் மறுக்கிறேன் என்பது பாரமான விஷயம், கெஞ்சுவாள், ஒரு நாள் தவணை கேட்பாள் என்றெல்லாம் என் மனம் அந்த நேரத்திலும் அவளுக்காகக் கற்பனை செய்துகொண்டிருந்தது. அவள் முகத்தில் வந்தது நிம்மதி.

"அது பிரச்சினையில்லை" என்றாள். "இணையத்தில இருக்கிறதில இப்பவே எடுக்கலாம். லண்டனில அட்டைக்கு மேலால ஒரு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுறன்."

‘பேசும்’ என்று ஒட்ட ஒரு துண்டு இல்லை. என் பெயரை மூட ஸ்டிக்கர் இருக்கிறது.

நான் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கீழே தேத்தண்ணிக் கடை வாசலில் நின்ற பிரியந்தன் "அக்கா" என்று ஏதோ சொல்ல வந்தான். பாவம், அவனுக்கு வேலை வேண்டும். பரவாயில்லை என்று கையைக் காட்டிவிட்டுக் காலி வீதிக்கு நடந்தேன். அவள் என் கையைக் கோத்துக்கொண்டு நடந்த அதே ஒழுங்கை. யாரும் என்னைப் பார்க்கவில்லை, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அவள் எனக்காகச் சண்டை பிடித்தது பொய்யில்லை, இன்றைக்குச் செய்ததும் பொய்யில்லை. இரண்டையும் ஒரே ஆள்தான் செய்தாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து உம்மாவுக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். இரவு போனில் அறிக்கையைத் திறந்து பார்த்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தாள். அட்டையில் அருந்ததியின் பெயர் மட்டும் நடுவில் அழகாக நின்றது. உள்ளே போனேன். ‘தமிழர்’ என்ற வரியில் அதே எண், ஒன்றுகூடக் குறையாமல். அந்த எண்ணுக்குள் என் நானா இருக்கிறான். மதினி இருக்கிறாள், அவர்களின் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள், அரபி என்று எழுதிய மனிதரும் அவரைப் பார்த்துச் சிரித்த மனைவியும் இருக்கிறார்கள்.

நானாவுக்கு போன் எடுத்தேன். நடந்தது முழுவதையும் சொன்னேன். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். நான் அழுது முடியும்வரை காத்திருந்தான். அவனுக்கு அங்கே சாமம் தாண்டியிருக்கும்.

"அப்ப உன்ட பேர எடுத்திட்டாங்களா?" என்று கேட்டான்.

"ஓ நானா. கேட்ட உடனே எடுத்திட்டாங்க."

"எங்கள?"